ஒரே நாளில் கிளம்பிய இரண்டு கோப்புகள்: சென்னை உயர் நீதிமன்ற நியமனங்கள், 2023

2023 ஜனவரி 17 அன்று, நீதிபதி நியமனங்களைப் பரிந்துரைக்கும் மூத்த நீதிபதிகளின் குழுவான உச்ச நீதிமன்றக் கொலீஜியம் சென்னை உயர் நீதிமன்றம் தொடர்பாகப் பல பெயர்களை முடிவு செய்தது. அவற்றில் இரண்டு பெயர்களை அருகருகே வைத்துப் பார்த்தால், நீதிபதி நியமனத்தில் சுதந்திரமும் பொறுப்புக்கூறலும் எந்த இடத்தில் மோதுகின்றன என்பது மற்ற எந்த வழக்கையும்விடத் தெளிவாகத் தெரியும். ஒரு பெயர் வழக்கறிஞர் ஆர். ஜான் சத்யன். அது முதல்முறையாகப் போன பெயர் அல்ல. அரசு ஆட்சேபித்துத் திருப்பியதால் கொலீஜியம் மறுபடி வலியுறுத்திய பெயர். மற்றது வழக்கறிஞர் எல். விக்டோரியா கௌரி. அது புதிய பரிந்துரை. இருவர் மீதும் எழுந்த கேள்வி ஒரே வகையானது: நீதிபதி ஆவதற்கு முன் பொதுவெளியில் வெளிப்படுத்திய கருத்துகள், நீதிபதி ஆவதற்குத் தடையா? இரண்டாவது கோப்பு இருபது நாளில் நியமனமாக முடிந்தது. முதல் கோப்பு அந்த ஆண்டு முடியும்வரை அசையவே இல்லை.

இதை இன்னார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பதற்காக எழுதவில்லை. கோப்பு எந்தெந்த மேசைகளைக் கடந்தது, எந்த மேசையில் யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை என்பதைக் காட்டத்தான்.

கோப்பு போகும் வழி

உயர் நீதிமன்ற நீதிபதியை அரசமைப்புச் சட்டத்தின் 217ஆம் பிரிவின்கீழ் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். அந்தப் பிரிவில் 'கொலீஜியம்' என்ற சொல்லே கிடையாது. 1993, 1998 ஆகிய ஆண்டுகளில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுகள் தந்த விளக்கத்தில் பிறந்த ஏற்பாடு அது. உயர் நீதிமன்ற நியமனத்துக்கு இந்தியத் தலைமை நீதிபதியும் அவருக்கு அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளும் சேர்ந்த மூவர் குழு முடிவெடுக்கிறது.

நடைமுறையில் வேலை கீழிருந்து தொடங்கும். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி தன் இரண்டு மூத்த சக நீதிபதிகளுடன் கலந்து ஒரு பெயரை எழுதுகிறார். அது மாநில முதலமைச்சர், ஆளுநர் ஆகியோரின் கருத்துக்கும், மத்திய சட்ட அமைச்சகத்துக்கும் போகிறது. அமைச்சகம் உளவுத்துறையிடம் அறிக்கை வாங்குகிறது. இவை எல்லாம் சேர்ந்த கட்டுதான் உச்ச நீதிமன்றக் கொலீஜியத்தின் முன் வருகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் முன்பு பணியாற்றி, இப்போது உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் நீதிபதிகளிடமும் கொலீஜியம் கருத்துக் கேட்கும். பிறகு தீர்மானம். தீர்மானம் மீண்டும் சட்ட அமைச்சகத்துக்குப் போய், பிரதமர் வழியாகக் குடியரசுத் தலைவரின் கையொப்பத்துக்குச் செல்கிறது.

கால அளவுகளும் உண்டு. 2021 ஏப்ரல் 20 அன்று, பி.எல்.ஆர். ப்ராஜெக்ட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவற்றை எழுதிவைத்தது. உயர் நீதிமன்றப் பரிந்துரை கிடைத்த 4 முதல் 6 வாரங்களுக்குள் உளவுத்துறை அறிக்கை தர வேண்டும். மாநில அரசின் கருத்தும் உளவுத்துறை அறிக்கையும் வந்த 8 முதல் 12 வாரங்களுக்குள் மத்திய அரசு கோப்பை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். கொலீஜியம் பரிந்துரைத்த பிறகு ஆட்சேபணை இருந்தால் காரணத்தை எழுதித் திருப்பலாம். கொலீஜியம் ஒருமனதாக மீண்டும் வலியுறுத்தினால் 3 முதல் 4 வாரங்களில் நியமனம் நடக்க வேண்டும்.

இந்தக் கடைசி வரிதான் ஏற்பாடு முழுவதையும் தாங்குகிறது. அரசுக்கு ஒருமுறை கேள்வி கேட்கும் உரிமை உண்டு, இறுதிச் சொல் கொலீஜியத்துடையது என்பது இந்த வரி நடைமுறையில் நிற்கும்வரைதான் உண்மை.

முதல் கோப்பு

ஜான் சத்யனின் பெயரைக் கொலீஜியம் முதலில் பரிந்துரைத்தது 2022 பிப்ரவரி 16 அன்று. அரசின் ஆட்சேபணைக்கு அடிப்படை, உளவுத்துறை குறிப்பிட்ட இரண்டு சமூக ஊடகப் பதிவுகள். ஒன்று, பிரதமரை விமர்சித்து 'தி க்விண்ட்' இணைய இதழில் வந்த கட்டுரையைப் பகிர்ந்தது. மற்றது, நீட் தேர்வு காரணமாக 2017இல் உயிரை மாய்த்துக்கொண்ட மாணவி அனிதாவின் மரணம் குறித்த பதிவு.

பதினொரு மாதம் கழித்து, 2023 ஜனவரி 17 தீர்மானத்தில் கொலீஜியம் இதற்குப் பதில் எழுதியது. அந்தப் பதில் இந்த வகைத் தீர்மானங்களில் அரிதாகக் காணப்படும் அளவுக்கு விரிவானது. கருத்துச் சொன்ன நீதிபதிகள் அவரைப் பொருத்தமானவர் என்றே சொன்னார்கள். உளவுத்துறையே அவருக்குத் தனிப்பட்ட முறையிலும் தொழிலிலும் நல்ல பெயர் இருப்பதாகவும், நேர்மை குறித்துப் பாதகமாக எதுவும் இல்லை என்றும், வெளிப்படையான அரசியல் சார்பு இல்லை என்றும் எழுதியிருந்தது. ஒரு கட்டுரையைப் பகிர்ந்ததும் ஒரு பதிவு போட்டதும் அவருடைய பொருத்தப்பாட்டையோ குணத்தையோ நேர்மையையோ பாதிக்காது என்று கொலீஜியம் முடிவு செய்தது. அதோடு நிற்காமல், அதே நாளில் தனியாகப் பரிந்துரைக்கப்படும் சில பெயர்களுக்கு முன்பாக இவருக்கு நியமனம் தரப்பட வேண்டும் என்றும் சேர்த்தது.

முன்னுரிமை கேட்ட அந்த வரிக்குக் காரணம் மூப்பு. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்குள் யார் மூத்தவர் என்பதை நியமனமும் பதவிப்பிரமாணமும் நடந்த வரிசைதான் முடிவு செய்கிறது. யார் உயர் நீதிமன்றக் கொலீஜியத்தில் இடம்பெறுவார், யார் தலைமை நீதிபதி ஆவார், யாருடைய பெயர் உச்ச நீதிமன்றத்துக்குப் பரிசீலிக்கப்படும் என்பதெல்லாம் இந்த வரிசையைச் சுற்றியே நகர்கின்றன. ஓய்வு வயது 62. நாற்பதுகளின் இறுதியில் அல்லது ஐம்பதுகளின் தொடக்கத்தில் பதவிக்கு வருபவருக்குப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள்தான் கிடைக்கும். அதில் ஓராண்டு பிந்துவது சிறிய இழப்பு அல்ல. கோப்பை நிராகரிக்காமல், சும்மா வைத்திருந்தாலே ஒருவரின் எதிர்காலத்தை மாற்றிவிடலாம்.

2021 கால அளவின்படி கணக்கிட்டால், நான்கு வாரம் 2023 பிப்ரவரி 14 அன்று முடிந்தது. நியமனமும் வரவில்லை, மறுப்பும் வரவில்லை. மார்ச் 21 அன்று கொலீஜியம் சென்னைக்கு மேலும் நான்கு மாவட்ட நீதிபதிகளின் பெயரைப் பரிந்துரைத்தபோது, முன்னதாகப் பரிந்துரைக்கப்பட்டவர்களை நிறுத்திவைத்துவிட்டுப் பின்னால் வந்தவர்களை நியமிப்பது மூப்பைக் குலைக்கிறது என்றும், இது மிகுந்த கவலைக்குரியது என்றும் ஜான் சத்யன் பெயரைக் குறிப்பிட்டே எழுதியது. அதற்கும் அரசிடமிருந்து எழுத்தில் பதில் எதுவும் வெளிவரவில்லை.

இரண்டாவது கோப்பு

விக்டோரியா கௌரி மதுரைக் கிளையில் மத்திய அரசு வழக்கறிஞராகப் பணியாற்றியவர். அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது தெரிந்ததும், பிப்ரவரி முதல் வாரத்தில் சென்னை வழக்கறிஞர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் குடியரசுத் தலைவருக்கும் கொலீஜியத்துக்கும் கடிதம் எழுதினர். அவர் பாரதிய ஜனதா கட்சியின் மகளிர் அணியில் பொறுப்பு வகித்தார் என்பது அவர்களின் பிரதான ஆட்சேபம் அல்ல. கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் குறித்து அவர் பேசியதாகக் காட்டப்பட்ட காணொலிகளும் ஒரு கட்டுரையும் வெறுப்புப் பேச்சு என்றும், அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் அவர் முன் வழக்காடும்போது நடுநிலையை எதிர்பார்க்க முடியாது என்றும் வாதிட்டனர். இந்தப் பேச்சுகள் கொலீஜியத்தின் முன் வைக்கப்படவே இல்லை என்பது அவர்கள் சட்டப்படி எடுத்த நிலை.

பிப்ரவரி 6 திங்கள்கிழமை நடந்தவற்றை மணி வரிசையில் பார்க்க வேண்டும். காலையில் மூத்த வழக்கறிஞர் ராஜு ராமச்சந்திரன், இந்த நியமனத்தை எதிர்க்கும் மனுவை விரைவாக விசாரிக்கக் கோரி உச்ச நீதிமன்றத்தில் குறிப்பிட்டார். வெள்ளிக்கிழமை விசாரிக்கலாம் என்று முதலில் சொல்லப்பட்டது. சற்று நேரத்தில் அரசு நியமன அறிவிப்பை வெளியிட்டது. மறுபடி குறிப்பிட்டபோது, பரிந்துரைக்குப் பிறகு தங்கள் கவனத்துக்கு வந்த சில விவரங்களைக் கொலீஜியம் பரிசீலித்திருப்பதாகச் சொன்ன தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், மறுநாளே விசாரணைக்கு ஏற்பாடு செய்தார்.

பிப்ரவரி 7 காலை நீதிபதிகள் சஞ்சீவ் கன்னா, பி.ஆர். கவாய் அமர்வில் வாதம் நடந்துகொண்டிருந்தபோதே, சென்னையில் பொறுப்புத் தலைமை நீதிபதி டி. ராஜா புதிய கூடுதல் நீதிபதிகள் ஐவருக்கும் பதவிப்பிரமாணம் செய்துவைத்தார். விக்டோரியா கௌரி அந்த ஐவரில் ஒருவர். டெல்லியில் மனு தள்ளுபடி ஆனது. காரணங்கள் அடங்கிய உத்தரவு பிப்ரவரி 10 அன்று வந்தது.

பதவிப்பிரமாணம் இங்கே வெறும் சடங்கு அல்ல. நியமன வாரண்ட் கையொப்பமாகி, பிரமாணம் எடுக்காத நிலையில் நீதிமன்றம் தலையிட்ட முன்னுதாரணம் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது: 1992இல் முடிவான குமார் பத்ம பிரசாத் வழக்கு. கௌஹாத்தி உயர் நீதிமன்றத்துக்கு நியமிக்கப்பட்டவர் பத்தாண்டு நீதித்துறைப் பதவி வகித்தவர் அல்ல என்று கண்டு, குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட வாரண்டையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த வழக்கில் பிரமாணம் நடக்காமல் முன்கூட்டியே இடைக்காலத் தடை கிடைத்திருந்தது. பிரமாணம் முடிந்துவிட்டால் அந்த நபர் நீதிபதி. அதன்பின் அவரை அகற்ற நாடாளுமன்றம் மட்டுமே வழி. ஆக, வெளியாட்கள் ஒரு நியமனத்தைக் கேள்வி கேட்கக்கூடிய ஒரே சாளரம், அறிவிப்புக்கும் பிரமாணத்துக்கும் இடையிலான நேரம். இந்தக் கோப்பில் அது ஒரு நாள்கூட முழுதாக இல்லை.

நீதிமன்றம் எந்தக் கோட்டில் நின்றது

பிப்ரவரி 10 உத்தரவைப் புரிந்துகொள்ள, இந்தச் சட்டத்துறையில் எல்லோரும் பயன்படுத்தும் ஒரு பிரிவினையை அறிய வேண்டும். தகுதி வேறு, பொருத்தப்பாடு வேறு. பத்தாண்டு வழக்கறிஞர் அனுபவம் அல்லது பத்தாண்டு நீதித்துறைப் பதவி, இந்தியக் குடியுரிமை ஆகியவை 217(2)இல் எழுதப்பட்ட தகுதிகள். சரிபார்க்க ஆவணம் போதும். கலந்தாலோசிக்க வேண்டியவர்களைக் கலந்தாலோசிக்கவில்லை என்பதும் ஆவணத்தில் தெரியக்கூடிய குறை. இந்த இரண்டையும் நீதிமன்றம் விசாரிக்கும். ஒருவரின் குணம், நடுநிலை, மனப்பாங்கு ஆகியவை பொருத்தப்பாடு. அதை எடைபோடுவது கலந்தாலோசிப்பவர்களின் வேலை, நீதிமன்ற மறுஆய்வுக்கு அப்பாற்பட்டது. 2009இல் மகேஷ் சந்திர குப்தா வழக்கில் இந்தக் கோடு தெளிவாக வரையப்பட்டது.

இரண்டு நீதிபதிகளும் அந்தக் கோட்டைத் தாண்ட மறுத்தனர். பேச்சுகள் பழையவை, பொதுவெளியில் கிடைப்பவை. அவற்றைக் கொலீஜியம் அறியாமல் இருந்திருக்கும் என்று தாங்கள் அனுமானிக்க முடியாது என்றார்கள். கொலீஜியத்தின் பரிந்துரையை ரத்து செய்யவோ மறுபரிசீலனை செய்யச் சொல்லி ஆணையிடவோ முடியாது என்றும் எழுதினார்கள். விசாரணையின்போது நீதிபதி கவாய், தனக்கும் அரசியல் பின்னணி உண்டு, அது தன் நீதிப்பணியில் குறுக்கிட்டதில்லை என்று குறிப்பிட்டார். கூடுதல் நீதிபதியாகத்தான் நியமனம் நடந்திருக்கிறது, நிரந்தரமாக்கும் கட்டத்தில் நடத்தையும் செயல்பாடும் மறுபடி பார்க்கப்படும் என்பதும் ஒரு பதிலாகச் சொல்லப்பட்டது.

சட்டப்படி இந்த உத்தரவைத் தவறு என்று சொல்வது கடினம். கொலீஜியத்தில் மூன்று மூத்த நீதிபதிகள் எடுத்த முடிவின் பொருத்தத்தை, அதே நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் எடைபோடத் தொடங்கினால், ஒவ்வொரு நியமனமும் வழக்காகும். தோற்ற வேட்பாளர், அதிருப்தி அடைந்த கட்சி, போட்டிக் குழு என்று யார் வேண்டுமானாலும் ஒரு நீதிபதியைப் பதவியேற்கும் முன்பே நிறுத்திவைக்க முடியும். அது சுதந்திரத்துக்கு நேரடி ஆபத்து.

ஆனால் உத்தரவில் ஒரு பலவீனமான கண்ணி இருக்கிறது. அது 'அறிந்திருப்பார்கள்' என்ற அனுமானம். கலந்தாலோசனை என்றால் தேவையான விவரம் அனைத்தும் மேசையில் இருந்தபடி கலந்தாலோசிப்பது என்பதை, நீதிபதி நியமனம் பற்றி எஸ்.பி. குப்தா வழக்கில் வந்த 1981 தீர்ப்பே சொல்லிவிட்டது. அப்படியானால் அந்தப் பேச்சுகள் கோப்பில் இருந்தனவா இல்லையா என்பது ஆவணக் கேள்வி. அதற்குப் பதில் உளவுத்துறை அறிக்கையிலோ கொலீஜியக் குறிப்பிலோ ஒரு வரியில் இருக்கும். அந்த வரியைக் கேட்டுப் பார்த்திருந்தால், பொருத்தப்பாட்டுக்குள் நுழையாமலேயே மனுவை முடித்திருக்கலாம். ஒருவரின் பகிர்ந்த கட்டுரையைத் தேடிக் கண்டுபிடித்த உளவுத்துறை, மற்றவரின் காணொலிகளைப் பற்றி என்ன எழுதியது, எழுதியதா என்பது பொதுமக்களுக்கு இன்றுவரை தெரியாது. முதல் கோப்பில் கொலீஜியம் உளவுத்துறைக் குறிப்பைத் தீர்மானத்திலேயே விவரித்தது. இரண்டாவது கோப்பில் அப்படி ஒரு குறிப்பு இல்லை.

முதல் கோப்பில் விவரித்ததற்கே எதிர்ப்பு வந்தது. அப்போதைய சட்ட அமைச்சர் கிரண் ரிஜிஜு, உளவுத்துறை அறிக்கைகளின் பகுதிகளைப் பொதுவெளியில் வைப்பது கவலைக்குரியது என்றார். தகவல் தருபவரின் பெயரோ, மூன்றாம் நபரின் அந்தரங்கமோ வெளியாவது தவறுதான். இங்கே வெளியானது வேட்பாளரே பொதுவில் பதிந்த இரண்டு பதிவுகள். அதில் காக்கப்பட வேண்டிய ரகசியம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கூடுதல் நீதிபதி என்ற தேர்வுக்காலம்

நிரந்தரமாக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்ற பதிலைத் தனியாக ஆராய வேண்டும். 224ஆம் பிரிவின்கீழ் கூடுதல் நீதிபதியின் காலம் அதிகபட்சம் இரண்டு ஆண்டு. வேலைப் பளு தற்காலிகமாகக் கூடும்போது பயன்படுத்த எழுதப்பட்டது அந்தப் பிரிவு. இப்போது உயர் நீதிமன்றங்களில் பெரும்பாலானோர் இந்த வாசல் வழியாகவே வருகிறார்கள். தற்காலிகத் தேவைக்கான ஏற்பாடு தேர்வுக்காலமாக மாறிவிட்டது.

அது பொறுப்புக்கூறலுக்கு உதவுமா? உறுதிப்படுத்தலில் முடித்த வழக்குகளின் எண்ணிக்கையும் தீர்ப்புகளின் தரமும் பார்க்கப்படுகின்றன. ஒரு நீதிபதி ஒரு சமூகத்தவரிடம் நடந்துகொள்ளும் விதம் எண்ணிக்கையில் தெரியாது. தீர்ப்பில் தெரியவரலாம், தெரியாமலும் போகலாம். விக்டோரியா கௌரி உட்பட அந்த ஐவரும் 2024 செப்டம்பரில் நிரந்தர நீதிபதிகள் ஆயினர். முன்பு எழுந்த ஆட்சேபங்கள் அந்தக் கட்டத்தில் எப்படி எடைபோடப்பட்டன என்பது வெளியே தெரியும்படி எதுவும் இல்லை.

சுதந்திரத்துக்கு இந்தத் தேர்வுக்காலம் நேரடியாகவே கேடு. வேலை நிலைக்குமா என்பது அரசின் கோப்பில் தொங்கும் இரண்டு ஆண்டுகளில், அதே அரசுக்கு எதிரான ரிட் மனுக்களை அவர் விசாரிக்கிறார். சென்னை உயர் நீதிமன்றமே இதைப் பார்த்திருக்கிறது. 2003 ஏப்ரலில் நியமிக்கப்பட்ட கூடுதல் நீதிபதி ஒருவரை நிரந்தரமாக்க 2005இல் உச்ச நீதிமன்றக் கொலீஜியம் பரிந்துரைக்கவில்லை. பிறகு மத்திய அரசு விளக்கம் கேட்டது. குறுகிய நீட்டிப்பு, அதன்பின் ஓராண்டு நீட்டிப்பு என்று போய், 2007இல் அவர் நிரந்தரமானார். அதை எதிர்த்து சாந்தி பூஷண் தொடுத்த வழக்கில் 2008 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது. நிரந்தரத்துக்குப் பொருத்தம் இல்லை என்று கருதப்பட்டவர் கூடுதல் நீதிபதியாகத் தொடரலாம் என்றால், அந்தத் தேர்வுக்காலம் எதைத் தேர்வு செய்கிறது என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு நிறைவான பதில் தரவில்லை.

வெளியேறும் கதவு ஏன் உதவாது

நுழைவில் தவறினாலும் பின்னால் திருத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு 1993 போதும். உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான பதவிநீக்கத் தீர்மானத்துக்கு மக்களவையில் 196 பேர் ஆதரவாக வாக்களித்தனர். எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 205 பேர் வாக்களிக்காமல் இருந்ததால் தீர்மானம் தோற்றது. அவை உறுப்பினர்களில் பெரும்பான்மை, வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதுவும் இரண்டு அவைகளிலும் வேண்டும் என்பது விதி. தீர்மானத்தைக் கொடுக்கவே மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்திட வேண்டும். ஒரு நீதிபதியைத் தீர்ப்புக்காகப் பழிவாங்க முடியாதபடி இந்தக் கதவு இவ்வளவு குறுகலாகத்தான் இருக்க வேண்டும். அதைத் தளர்த்துவதை நான் ஏற்கமாட்டேன். அதனால்தான் பொறுப்புக்கூறலின் எடை முழுதும் நுழைவாயிலில் விழுகிறது.

ஆணையம் இருந்திருந்தால்?

99ஆவது திருத்தம் கொண்டுவந்த தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தை 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் 4:1 என்ற கணக்கில் செல்லாது என்றது. அது நின்றிருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்று பலர் சொல்வதுண்டு. இரண்டு கோப்புகளையும் அதில் ஓட்டிப் பார்க்கலாம். ஆறு உறுப்பினர்கள்: தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு சான்றோர். எந்த இருவர் மறுத்தாலும் பெயர் விழும்.

ஜான் சத்யன் கோப்பில், சட்ட அமைச்சரும் ஒரு சான்றோரும் மறுத்தாலே போதும். மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக எழுதிய பதிலுக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது. கோப்பை வைத்திருந்து செய்ததை வாக்குப் போட்டு அரை மணியில் செய்திருக்கலாம். விக்டோரியா கௌரி கோப்பில், நீதிபதியும் அமைச்சரும் அல்லாத இருவர் அறையில் இருந்திருப்பார்கள். அந்தக் காணொலிகளைப் பார்த்தீர்களா என்று கேட்க ஆள் இருந்திருக்கும். ஆணையம் இரண்டாவது குறையைச் சற்றுக் குறைத்து, முதல் குறையைப் பெரிதாக்கியிருக்கும். யார் கையில் பேனா என்பதை மாற்றினாலும், காரணம் எழுதாமல் இருக்கும் உரிமை அப்படியேதான் நீடித்திருக்கும்.

கோப்பு நிற்கும்போது என்ன செய்ய முடியும்

மீண்டும் வலியுறுத்திய பெயரை அரசு வைத்திருந்தால், நீதிமன்றம் அந்த நபரைத் தானே நீதிபதியாக்க முடியாது. 217இன்படி குடியரசுத் தலைவரின் கையொப்பமும் முத்திரையும் உள்ள வாரண்ட் வேண்டும். கால அளவு முடிந்தால் நியமனம் நடந்ததாகக் கருதப்படும் என்று எந்த விதியும் இல்லை. மிஞ்சுவது அவமதிப்பு நடவடிக்கை. பெங்களூரு வழக்கறிஞர் சங்கம் அப்படி ஒரு மனு தொடுத்தது. நீதிபதி எஸ்.கே. கௌல் அமர்வு கேள்வி கேட்கும் போதெல்லாம் சில பெயர்கள் நகர்ந்தன. 2023 டிசம்பர் 5 அன்று வர வேண்டிய விசாரணை பட்டியலில் இடம்பெறவில்லை. அம்மாதமே அவர் ஓய்வுபெற்றார். சட்டச் செயலரைச் சிறைக்கு அனுப்பும் அளவுக்குப் போகத் துணியாதவரை, அவமதிப்பு என்பது அழுத்தம் மட்டுமே.

கொலீஜியத்திடம் இன்னொரு கருவி இருந்தது. பெயர்களைத் தொகுப்பாக அனுப்பும்போது அதிலிருந்து வேண்டியதை மட்டும் அரசு பிரித்தெடுப்பதை 2014இலேயே தலைமை நீதிபதி லோதா எழுத்தில் கண்டித்திருந்தார். 2023 மார்ச்சில் கவலையைப் பதிவு செய்த அதே தாளில் கொலீஜியம் புதிய நான்கு பெயர்களையும் அனுப்பியது. புதிய பெயர்கள் வந்துகொண்டே இருக்கும்போது பழைய பெயரை வைத்திருப்பதால் அரசுக்கு எந்த இழப்பும் இல்லை. 75 இடங்கள் கொண்ட நீதிமன்றத்தில் காலியிடங்களைத் தொங்கவிட முடியாது என்ற தயக்கம் நியாயமானது, வழக்காடிகள்தான் விலை கொடுப்பார்கள். அதனால் எல்லாப் பெயரையும் நிறுத்தியிருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. வரிசையில் முன்னுள்ள பெயர் நியமிக்கப்படும்வரை அதே பிரிவில், அதாவது வழக்கறிஞர் பிரிவில், புதிய பெயரை அனுப்பாமல் இருந்திருக்கலாம். மாவட்ட நீதிபதிகள் பிரிவு தன்போக்கில் ஓடியிருக்கும்.

எதிர்ப்புறத்தில், கொலீஜியம் தன் பக்கத்தில் செய்யக்கூடியவை செலவில்லாதவை. வேட்பாளரின் கட்சிப் பொறுப்புகள், வெளியிட்ட கட்டுரைகள், பொதுப்பேச்சுகள் ஆகியவற்றை அவரே எழுதித் தரும் ஒரு பத்தி உயர் நீதிமன்றப் படிவத்தில் இருந்தால், 'அறிந்திருப்பார்கள்' என்று அனுமானிக்க வேண்டியதில்லை. மறைத்தால் அது நேர்மைக் குறையாகும். எழுதியிருந்தால் கொலீஜியம் அதைப் பார்த்தது உறுதியாகும். 2024 டிசம்பர் முதல் உச்ச நீதிமன்றக் கொலீஜியம் வேட்பாளர்களை நேரில் சந்திக்கத் தொடங்கியிருப்பது இந்தத் திசையில் நல்ல அடி. அறிவிப்புக்கும் பிரமாணத்துக்கும் இடையில் ஏழு வேலை நாள் என்று ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவதும் எளிது. 219ஆம் பிரிவு பிரமாணத்தை அவசரமாக நடத்தச் சொல்லவில்லை.

பொருத்தப்பாட்டுக்கு ஒரே அளவுகோல் வேண்டும் என்பதுதான் இதில் கடினமானது. பம்பாய்க்குப் பரிந்துரைக்கப்பட்ட சோமசேகர் சுந்தரேசன் மீதும் சமூக ஊடகக் கருத்துகளே ஆட்சேபணை. அவர் பெயரும் 2023 ஜனவரியில் மீண்டும் வலியுறுத்தப்பட்டது. அவர் அந்த நவம்பரில் நியமிக்கப்பட்டார். ஆக, கருத்துச் சொல்வது அரசுக்கே எப்போதும் தடை அல்ல. அரசை விமர்சிப்பது வேறு, ஒரு மக்கள் பிரிவையே பிறப்பால் அல்லது மதத்தால் தாழ்த்திப் பேசுவது வேறு. அரசு நீதிமன்றத்தில் ஒரு தரப்பு. அதன் மீதான விமர்சனத்தைத் தாங்கிக்கொள்ள அதற்கு வழக்கறிஞர் படையே உண்டு. தன் மதத்தால் முன்முடிவுக்கு ஆளாவோம் என்று அஞ்சும் வழக்காடிக்கு அப்படி யாரும் இல்லை. இந்த வேறுபாட்டைக் கொலீஜியம் ஒரு பத்தியில் எழுதிவைத்தால், இரண்டு கோப்புகளையும் ஒரே தராசில் நிறுத்தலாம்.

ஒரு கோப்பு தேங்கியிருக்கிறதா என்பதை இப்போது யாரும் ஓரளவு சரிபார்க்கலாம். கொலீஜியத் தீர்மானங்கள் 2017 அக்டோபர் முதல் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் வருகின்றன. 2025 மே மாதம், 2022 நவம்பர் 9 முதலான உயர் நீதிமன்றப் பரிந்துரைகளின் பட்டியலையும் நீதிமன்றம் வெளியிட்டது. அதில் பெயர், வழக்கறிஞரா மாவட்ட நீதிபதியா என்ற விவரம், பரிந்துரைத்த தேதி, நியமன அறிவிப்பு வந்த தேதி ஆகியவை இருக்கின்றன. ஒரே நாளில், ஒரே உயர் நீதிமன்றத்துக்கு, ஒரே பிரிவில் போன பெயர்களை மட்டும் எடுத்து இரண்டு தேதிகளுக்கு இடையிலான நாள்களை எண்ணுங்கள். சில வாரம் முன்பின் இருப்பது மருத்துவச் சான்று போன்ற காரணங்களால் இயல்பு. பலருக்கு வாரங்களாகவும் ஒருவருக்கு மட்டும் மாதங்களாகவும் இருந்தால், அந்தப் பெயரின் தீர்மானத்தைத் திறந்து அதில் உளவுத்துறை பற்றிய பத்தியைப் படியுங்கள். பட்டியலில் இல்லாதது அரசின் காரணத்துக்கான பத்தி. அதைச் சேர்க்கச் சட்டத் திருத்தம் தேவையில்லை. நியமன வழிமுறையை வகுக்கும் நடைமுறைக் குறிப்பாணையில் ஒரு வரி போதும்.